பீட்டர் போத் மலையை 320 பிக்சலுக்குள் கொண்டுவருவது

கைபேசியில் எடுத்த ஓர் இயற்கைக் காட்சியை ஏதாவது ஒரு செயலியில் போட்டு Pixelate என்ற பொத்தானை அழுத்தினால் உடனே கட்டம் கட்டமாக ஒரு படம் வந்துவிடும். முதல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அதைக் கேமின் பின்னணியாக வைத்து, முன்னால் ஒரு பாத்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தால்தான் வில்லங்கம் தெரியும். மலை, மரம், புல் எல்லாம் ஒரே மாதிரிப் பொரிப்பொரியாக இருக்கும். பாத்திரம் எங்கே நிற்கிறது என்று கண் தேடும்.

காரணம் எளிது. செயலி ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் நிறங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கிறது, அவ்வளவுதான். மலை உச்சி முக்கியம், கரும்புத் தோகை முக்கியமில்லை என்று அதற்குத் தெரியாது. அதனால் செயலி தரும் படத்தை அடியில் வைத்து, அதன் மேல் நாமே வரைவதுதான் இங்கே சொல்லப்போகும் வழி. ஓவியம் வராதவர்களும் செய்யலாம். கை நேர்த்தியைவிட எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவுகள்தான் இதில் அதிகம்.

எடுத்துக்காட்டுக்கு மொரீஷியஸின் பீட்டர் போத் மலையை எடுத்துக்கொள்கிறேன். 820 மீட்டர் உயரம், தீவில் இரண்டாவது உயரமான சிகரம். 1615இல் இந்தத் தீவின் கடலோரத்தில் கப்பல் உடைந்து இறந்த டச்சு கவர்னர் ஜெனரலின் பெயர் அது. உச்சியில் ஒரு பெரிய பாறை தலை போல உட்கார்ந்திருக்கும். தேவதைகள் ஆடுவதைப் பார்த்து, அதை வெளியே சொன்னதால் கல்லாகிப்போன பால்காரரின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தத் தலையும் கழுத்தும் இருந்தால்தான் அது பீட்டர் போத். இல்லாவிட்டால் ஏதோ ஒரு மலை. பிக்சலில் முதலில் தொலைவதும் அந்தக் கழுத்துதான்.

படம் எடுப்பது

வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்களில் நின்று மலையைப் பார்த்தால் நீங்கள் தெற்கு நோக்கி நிற்கிறீர்கள். நாம் இருப்பது தென் அரைக்கோளம். ஜூன், ஜூலையில் சூரியன் நாள் முழுக்க வடக்குப் பக்கமாகவே போகும், அதாவது உங்கள் முதுகுப் பக்கம். நண்பகலில் எடுத்தால் வெளிச்சம் மலையின் முகத்தில் நேராக அடித்து, மடிப்பு எதுவும் தெரியாமல் தட்டையாக்கிவிடும். மாலை நாலரை மணிக்கு மேல் சூரியன் வலத்தோள் பக்கம் இறங்கிவரும்போது எடுங்கள். வலப்பக்கச் சரிவுகள் வெளிச்சத்திலும் இடப்பக்கச் சரிவுகள் நிழலிலும் பிரிந்து நிற்கும். அந்தப் பிரிவுதான் பின்னால் நமக்கு வேண்டியது. தமிழ்நாட்டிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்த வரைபயிற்சிப் பாடங்களில் சூரியன் தெற்குப் பக்கம் இருக்கும். அதை இங்கே அப்படியே பின்பற்றினால் நிழல் தவறான பக்கம் விழும்.

சொந்தப் படம் இல்லாமல் இணையத்தில் எடுத்தால் அதன் உரிமத்தைப் பாருங்கள். மேலே வரைந்தாலும் அது அந்தப் படத்திலிருந்து பிறந்ததுதான். CC BY-SA என்றிருந்தால் எடுத்தவர் பெயரைப் போட்டு, உங்கள் படத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ND என்று இருந்தால் மாற்றியதை வெளியிட முடியாது.

கேன்வாஸ் அளவு

கேமுக்கு 320×180 எடுங்கள். நாலு மடங்கு பெருக்கினால் 1280×720, ஆறு மடங்கு பெருக்கினால் 1920×1080, பன்னிரண்டு மடங்கு என்றால் 4K திரை. மூன்றும் முழு எண் மடங்குகள் என்பதுதான் இந்த அளவின் அருமை. நாலரை மடங்கு என்று வந்துவிட்டால் சில பிக்சல் நாலாகவும் சில பிக்சல் ஐந்தாகவும் பெருத்து, படம் கோணல்மாணலாகத் தெரியும்.

சுயவிவரப் பேனர் மட்டும் வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன். வரையும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

சுருக்குவது

கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருள் இலவசம், இதற்குப் போதும். கைபேசிப் படம் 4000×3000 என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதை 4000×2250 ஆக வெட்டுங்கள், அப்போதுதான் 16:9 விகிதம் வரும். வெட்டும்போது உச்சிக்கு மேலே கொஞ்சம் வானம் இருக்கட்டும். கீழே கரும்பு படத்தின் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம்.

அடுத்து Filters > Blur > Median Blur. ஆரம் 10 அளவில் வையுங்கள். ஒவ்வொரு தோகையாகத் தெரிந்த கரும்பு, பெரிய பச்சைத் திட்டுகளாக மாறும். மலையின் விளிம்பு மட்டும் கூர்மை குலையாமல் நிற்கும். சாதாரண Gaussian Blur போட்டால் விளிம்பும் சேர்ந்து மங்கிவிடும், அதனால்தான் இது.

இப்போது Image > Scale Image. அகலம் 320, உயரம் 180, Interpolation பெட்டியில் Cubic. இங்கே பலர் None போடுகிறார்கள். None போட்டால் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஏதோ ஒரு புள்ளியை மட்டும் பிடுங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடும், படம் மணல் தூவியது போல வரும். சுருக்கும்போது Cubic, பின்னால் பெருக்கும்போது None. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

சுருக்கியதும் உச்சிப் பாறையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய படத்தில் பாறை 70 பிக்சல் அகலமும் அதன் கீழ்க் கழுத்து 30 பிக்சல் அகலமும் இருந்திருந்தால், 12.5ஆல் வகுத்தபின் பாறைக்கு 5.6 பிக்சலும் கழுத்துக்கு 2.4 பிக்சலும்தான் மிஞ்சும். பாதிப் பிக்சல் என்று ஒன்று இல்லை, ஆகவே அந்த இடம் சாம்பல் கலந்த கறையாக இருக்கும். பால்காரர் தோளோடு தலையாகக் கரைந்துபோயிருப்பார். கவலைப்பட வேண்டாம், இந்தப் படம் அடியில் இருக்கப்போவதுதான்.

பதினாறு நிறம்

நிறங்களைக் குறைக்கக் கிம்பில் Image > Mode > Indexed என்ற வழி இருக்கிறது. பதினாறு நிறம் கேட்டால் அதுவே தேர்ந்தெடுத்துத் தரும். ஆனால் எந்த நிறம் படத்தில் அதிக இடத்தை அடைத்திருக்கிறதோ அதற்குத்தான் அது அதிகப் பங்கு கொடுக்கும். வானத்துக்கு ஆறு நீலம், கரும்புக்கு ஆறு பச்சை, மலைக்கு மீதி இரண்டோ மூன்றோ என்று முடிந்துவிடும். நமக்கு வேண்டியது மலை. அதனால் நிறங்களை நாமே பங்கிடுவோம்.

மாலை வெளிச்சத்துக்கு நான் வைத்திருக்கும் பட்டியல் இது, நிறங்களின் ஹெக்ஸ் குறியீடுகளாக:

```
வானம்         5E93C4 92BCD6 C9DCD6 F5E2B8
தூரக் குன்று   9DB4C4
மலை           4F5D7A 6B7890 929894 C2AF8C
மரங்கள்       264A3E
கரும்பு        2E5F3A 5B8F3F 9DB854
கரும்புப் பூ    D9C7CF
கருங்கல்       1F2233
கோபுரம்       D9543F
```

மலையின் நிழல் நிறத்தைக் கவனியுங்கள். அது கறுப்பு கலந்த பழுப்பாக இல்லாமல் நீலச் சாம்பலாக இருக்கிறது. தூரத்துப் பொருள்களுக்கும் நமக்கும் நடுவில் காற்று இருப்பதால் அவை வெளிறி நீலம் தட்டும். முன்னால் வர வர நிறம் அடர்ந்து பச்சையும் கறுப்பும் ஏறும். மலையின் மிக இருண்ட நிறம்கூடக் கரும்பின் மிக இருண்ட பச்சையைவிட வெளிறியே இருக்க வேண்டும். இதை மீறினால் மலை கரும்புக்கு முன்னால் வந்து நிற்பது போலத் தோன்றும்.

இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். ஒரு பிரதி எடுத்து Colors > Desaturate போட்டுச் சாம்பலாக்கிப் பாருங்கள். மலையின் வெளிச்ச நிறமான C2AF8C, வானத்தின் இரண்டாம் நிறமான 92BCD6 இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். ஒன்று மணல் நிறம், ஒன்று நீலம், நிறமாகப் பார்க்கும்போது நன்றாகப் பிரிந்து தெரிகின்றன. வெளிச்ச அளவு ஒன்றுதான் என்பதால் சின்ன அளவில் பார்க்கும்போது விளிம்பு தொலைந்துபோகும். எனவே உச்சிப் பாறைக்கு நேர் பின்னால் இரண்டாம் நிறம் வரக் கூடாது. அங்கே வெளிறிய C9DCD6 வருகிற மாதிரி வானப் பட்டைகளை ஏற்றிக்கொள்ளுங்கள். பட்டியலை மாற்றாமலே காரியம் முடிந்தது.

கோட்டுருவம்

இங்கிருந்து லிப்ரெஸ்பிரைட், பிக்சலோரமா போன்ற பிக்சல் கருவிக்கு மாறினால் வசதி. இரண்டும் இலவசம். காசு கொடுத்து ஏஸ்ப்ரைட் வாங்கியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். கிம்பிலேயே தொடர்கிறீர்கள் என்றால் Paintbrush வேண்டாம், Pencil எடுத்து அளவு 1 வையுங்கள். Paintbrush விளிம்பில் கலப்பு நிறங்களை விட்டுச்செல்லும், பதினாறு நிறம் என்ற கணக்கு நமக்குத் தெரியாமலே நூறாகிவிடும்.

சுருக்கிய படத்தை அடி லேயராக வைத்து அதன் Opacity அளவை 40 சதவீதத்துக்குக் குறையுங்கள். மேலே புது லேயர். அதில் மலையை மட்டும், 6B7890 என்ற ஒரே நிறத்தில், நிழலுருவமாக நிரப்புங்கள். உள்ளே எந்த விவரமும் வேண்டாம்.

உச்சிப் பாறையைப் படத்தில் இருக்கும் அளவுக்கு வரைந்தால் தெரியாது, பெரிதாக்கத்தான் வேண்டும். கழுத்து நாலு பிக்சல், பாறை ஒன்பது பிக்சல் அகலம், எட்டு பிக்சல் உயரம் என்று வைக்கலாம். பாறை இரண்டு பக்கமும் சமமாகத் துருத்தினால் காளான் ஆகிவிடும். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று என்று துருத்தட்டும். எந்தப் பக்கம் மூன்று என்பதை உங்கள் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நிஜத்தில் இருப்பதைவிட இது ஒன்றரை மடங்கு பெரிது. பார்ப்பவர் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை, மலையை அடையாளம் கண்டுகொள்வார்கள். வலப்பக்கம் லெ பூஸ் மலை உங்கள் சட்டத்துக்குள் வந்தால் அதன் கட்டைவிரல் போன்ற உச்சியையும் இப்படியே கொஞ்சம் மிகைப்படுத்துங்கள்.

அடுத்தது சரிவுகள். புதிதாக வரைபவர்களின் மலைகள் பெரும்பாலும் பல் பல்லாக இருப்பதற்கு ஒரே காரணம் படி அளவுகள். பிக்சலில் ஒரு சரிவு என்பது படிக்கட்டு. கழுத்திலிருந்து கீழே வரும்போது ஒவ்வொரு படியும் எத்தனை பிக்சல் இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். 4, 3, 3, 2, 2, 1, 1 என்று போனால் சரிவு செங்குத்தாகத் தொடங்கி மெல்லச் சாயும், கண் வழுக்கிக்கொண்டு போகும். 3, 1, 3, 1, 2, 4 என்று தாறுமாறாக இருந்தால் ரம்பம் போலத் தெரியும். பாறை மலைதானே, கரடுமுரடாக இருக்கட்டுமே என்று கேட்கலாம். கரடு வேண்டுமென்றால் மூன்று பிக்சலுக்குக் குறையாத புடைப்பாக, மொத்தச் சரிவில் ஓரிரு இடங்களில் மட்டும் வையுங்கள். ஒற்றைப் பிக்சல் மேடு பள்ளம் பாறையாகத் தெரியாது, அழுக்காகத்தான் தெரியும்.

கோடு வரையும்போது மூலையில் எல் வடிவில் ஒரு பிக்சல் கூடுதலாக விழுவதும் இதே குற்றம்தான். ஏஸ்ப்ரைட்டிலும் லிப்ரெஸ்பிரைட்டிலும் Pixel-perfect என்ற தேர்வு அதைத் தானே நீக்கிவிடும்.

இந்தக் கட்டத்தில் ஜூமை 100 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி இது என்ன என்று கேளுங்கள். போர்ட் லூயியில் வளர்ந்தவராக இருந்தால் ஒற்றை நிற நிழலுருவத்திலேயே சொல்லிவிடுவார். சொல்லவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாமல் கழுத்தைத் திருத்துங்கள். நிழலுருவத்தில் வராத மலையை எத்தனை நிறம் பூசினாலும் கொண்டுவர முடியாது.

மலையின் முகங்கள்

இனி நிழலும் வெளிச்சமும். அடியில் இருக்கும் படத்தைப் பார்த்து மலையை எட்டு அல்லது ஒன்பது பெரிய முகங்களாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் நேர்க்கோடுகளால் ஆன பலகோணம். வலப்பக்கம் திரும்பிய முகத்துக்கு C2AF8C, நம்மைப் பார்த்து நிற்கும் முகத்துக்கு 929894, இடப்பக்கம் திரும்பியதற்கு 6B7890, இரண்டு முகங்கள் சந்திக்கும் பள்ளத்துக்கு 4F5D7A. பாறைக்கும் இதே விதி. வலப்பாதி வெளிச்சம், இடப்பாதி நிழல், கழுத்தின் மேல்வரிசையில் பாறையின் நிழல் ஒரு வரி. அந்த ஒரு வரி இருண்ட பிக்சல்தான் தலையைத் தோளிலிருந்து தூக்கிக் காட்டும்.

லோ-பாலி பாணி வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தோடு பிக்சலை விட்டுப் பிரியலாம். இதே முகங்களை இங்க்ஸ்கேப்பில் பெரிய அளவில் முக்கோணங்களாக வரைந்து, ஒவ்வொன்றையும் ஒரே நிறத்தால் நிரப்பினால் போதும். பக்கத்துப் பக்கத்து முக்கோணங்களின் முனைகள் ஒரே புள்ளியில் சேரும்படி Snap போட்டுக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்ந்திருந்தாலும் நடுவில் மயிரிழை வெள்ளைக் கோடுகள் தெரியும், விளிம்பை மென்மையாக்கும்போது பின்புலம் கசிவதால் வருவது அது. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அதன் நிரப்பு நிறத்திலேயே அரைப் பிக்சல் கோடு கொடுத்தால் மறைந்துவிடும். படம் முழுதையும் ஒரே அளவு முக்கோணமாக வெட்டித்தரும் தானியங்கிக் கருவிகள் பீட்டர் போத்தின் தலையையும் வானத்தோடு சேர்த்து ஒரே முக்கோணத்தில் அடைத்துவிடும். உச்சியில் சின்ன முக்கோணங்கள், அடிவாரத்தில் பெரியவை என்பதைக் கையால்தான் செய்ய வேண்டும்.

பிக்சலில் தொடர்பவர்கள் முகங்களின் நேரான விளிம்புகளை அங்கங்கே இரண்டு மூன்று பிக்சல் கடித்து உடையுங்கள். அப்புறம் ஒரு சுற்று வந்து தனியாக நிற்கும் ஒற்றைப் பிக்சல்களை எல்லாம் அழியுங்கள். ஒரே நிறத்தில் குறைந்தது மூன்று நாலு பிக்சலாவது சேர்ந்து நின்றால்தான் அது ஒரு பாறை, ஒரு பிளவு என்று கண்ணுக்குப் படும்.

வானத்தை நாலு பட்டையாகவே விடுங்கள். இரண்டு நிறங்களைக் கட்டம் மாற்றிக் கட்டம் கலந்து வைக்கும் டித்தரிங் பழைய கேம்களில் அழகாக இருந்தது. நகரும் பின்னணியில் அது மினுமினுக்கும், பேனரில் ஜேபெக் சுருக்கம் அதைக் கஞ்சியாக்கிவிடும். பட்டை விளிம்பு மலைச்சரிவுக்கு இணையாக ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடினால் மலையைச் சுற்றி ஒளிவட்டம் போட்டது போல இருக்கும். பட்டைகள் கிடைமட்டமாக, மேக விளிம்பு போல நீளமான படிகளோடு போகட்டும்.

கரும்பு, கல், கோபுரம்

கரும்பை ஒவ்வொரு தோகையாக வரையத் தொடங்கினால் முடிவே இல்லை. முழுப் பரப்பையும் 2E5F3Aவால் நிரப்புங்கள். மேல் விளிம்பை மட்டும் 5B8F3Fஆல் கூராகக் குத்துக் குத்தாக்குங்கள். ஒவ்வொரு குத்தும் நாலைந்து பிக்சல் உயரம், அகலங்கள் ஒன்றுக்கொன்று மாறட்டும். வலப்பக்க நுனிகளில் மட்டும் 9DB854. உள்ளே சாய்வாக மூன்று பிக்சல் கோடுகள் சில, அதிகம் போனால் பத்து. கீழே பாத்திரம் ஓடப்போகும் இடத்தை வெறுமையாக விடுங்கள்.

மே, ஜூனில் கரும்பு பூக்கும். வயல் முழுக்க ஊதா கலந்த வெள்ளிக் கதிர்கள் நிற்கும். அதற்குத்தான் D9C7CF. ஒரு பிக்சல் அகலம், மூன்று பிக்சல் உயரம், குத்துகளுக்கு மேலே. அவற்றைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். மூன்று சேர்ந்து, ஒரு இடைவெளி, இரண்டு, பெரிய இடைவெளி என்று போனால் வயலாக இருக்கும். சம இடைவெளி என்றால் வேலிக்கம்பி. வெட்டுக் காலத்துக் காட்சி வேண்டுமென்றால் பூவை எடுத்துவிட்டு ஒரு பகுதியைத் தட்டையாக்கிவிடலாம். ஒரே படத்தில் இரண்டு பருவம் கிடைக்கிறது.

நம் வயல்களின் நடுவே நிற்கும் கருங்கல் குவியல்களை விட்டுவிடாதீர்கள். நிலத்தைத் திருத்தியவர்கள் கையால் பொறுக்கி அடுக்கிய எரிமலைக் கற்கள் அவை. வெளியூர்க்காரர் வரையும் எந்தக் கரும்புக் காட்டிலும் அவை இருக்காது. 1F2233இல் ஒரு மேடு, வலப்பக்கம் 4F5D7Aவில் சில கல் முகங்கள், அவ்வளவே. பச்சைக்கு நடுவே அந்தக் கறுப்பு, மலையின் வெளிறிய நீலத்தை இன்னும் பின்னால் தள்ளும்.

கோயில் கோபுரம் ஒன்றை மரங்களுக்கு மேலே வைக்க விரும்பினால் மொத்த உயரம் 26 பிக்சல் போதும். ஐந்து நிலை, ஒவ்வொன்றுக்கும் நாலு வரிசை. மூன்று வரிசை நிறம், ஒரு வரிசை இருட்டு. அடி நிலை 18 பிக்சல் அகலம், மேலே போகப் போக 16, 14, 12, 10. அதன் மேல் சாலைக்கூரை நாலு வரிசை, கலசம் இரண்டு. நிலைகளைப் பிரிக்கும் அந்த இருண்ட வரிகளும் இருபக்கமும் படிப்படியாகக் குறுகும் விளிம்பும் இருந்தாலே கோபுரம் என்று தெரிந்துவிடும். சிற்பங்களை வரைய முயலாதீர்கள். கீழ் இரண்டு நிலைகளில் மட்டும் F5E2B8இல் மூன்று மூன்று புள்ளி வைத்தால் போதும். நம் கோயில்களில் ஏழெட்டு வண்ணம் இருக்கும் என்பது சரிதான். இந்த அளவில் அத்தனையும் போட்டால் மிட்டாய்த் தாள் மாதிரி ஆகிவிடும். D9543F ஒன்றுதான் இந்தப் படத்தில் சூடான சிவப்பு, கண் முதலில் அங்கேதான் போகும். எனவே அதைப் பாத்திரம் அடிக்கடி நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள்.

கோபுரம் சின்னதாகத் தோன்றினால் அதை மட்டும் தேர்ந்தெடுத்து இழுத்துப் பெரிதாக்குவதும், சாய்த்துத் திருப்புவதும் கூடாது. மற்ற இடங்களில் ஒரு பிக்சல் ஒரு அளவாகவும் கோபுரத்தில் ஒன்றரை அளவாகவும் ஆகிவிடும். ஒட்டுப்போட்டது தூரத்திலிருந்தே தெரியும். பெரிதாக வேண்டும் என்றால் பெரிதாக வரையத்தான் வேண்டும்.

கேமுக்குள் கொண்டுபோவது

வானம், மலை, மரங்கள், கோபுரம், கரும்பு என்று ஐந்து லேயர்களையும் தனித்தனி பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். பெருக்காமல், வரைந்த அளவிலேயே சேமிக்க வேண்டும். பெருக்குவதைக் கேம் எஞ்சின் பார்த்துக்கொள்ளும்.

கோடோ எஞ்சினில் Project Settings திறந்து Rendering > Textures பகுதியில் Default Texture Filter என்பதை Nearest ஆக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் எல்லாம் பனிமூட்டம் போட்டது போல மங்கும். Display > Window பகுதியில் அகலம் 320, உயரம் 180, Stretch Mode viewport, Scale Mode integer. 1366×768 மடிக்கணினித் திரையில் இது நாலு மடங்காக, 1280×720 அளவில் நின்று, சுற்றிலும் கறுப்பு ஓரம் விடும். ஓரம் பிடிக்கவில்லை என்று integerஐ எடுத்துவிட்டால், முன்னே சொன்ன கோணல் பிக்சல் வந்துவிடும். நான் ஓரத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஒவ்வொரு லேயரையும் ஒரு Parallax2D முனையின் கீழே வைத்து scroll_scale கொடுங்கள். வானத்துக்கு 0, மலைக்கு 0.1, மரங்களுக்கு 0.3, கரும்புக்கு 0.6. கரும்பும் மரங்களும் ஓரம் ஓரமாகப் பொருந்தும்படி வரைந்து repeat_size மூலம் திரும்பத் திரும்ப வரவிடலாம். கோபுரம் அந்த வரிசையில் திரும்பத் திரும்ப வராமல் தனி முனையில் இருக்கட்டும்.

மலையைத் திரும்ப வரவிடக் கூடாது. தலை வைத்த மலை இரண்டு வந்தால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே அதை எவ்வளவு அகலமாக வரைய வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். உங்கள் கேமின் ஒரு நிலை 3200 பிக்சல் நீளம் என்றால் கேமரா 2880 பிக்சல் நகரும். மலை அதில் பத்தில் ஒரு பங்கு, 288 நகரும். திரை அகலம் 320ஐக் கூட்டினால் 608. ஆக மலை லேயர் 608 பிக்சல் அகலம் வேண்டும். பீட்டர் போத்தை ஒருமுறை வரைந்துவிட்டு, இரண்டு பக்கமும் தாழ்ந்த முகடுகளை 9DB4C4 நிறத் தூரக் குன்றுகளோடு சேர்த்து நீட்டுங்கள்.

கேமரா மெல்ல நகரும்போது மலையின் விளிம்பு நடுங்கினால், அது பிக்சலின் பின்னத்தில் நிற்கிறது என்று பொருள். Rendering > 2D > Snap பகுதியில் Snap 2D Transforms to Pixel என்பதைப் போட்டுப் பாருங்கள்.

பேனருக்கு

எக்ஸ் தளத்தின் தலைப்புப் படம் 1500×500. ஐந்தால் வகுத்தால் 300×100. அதுதான் உங்கள் கேன்வாஸ். கேமுக்கு வரைந்ததை மேலும் கீழும் வெட்டி இதில் பொருத்தப் பார்த்தால் உச்சியோ கரும்போ போய்விடும். லேயர்கள் தனித்தனியாக இருப்பதால் அவற்றை நகர்த்தி அடுக்குவது எளிது. மலையைக் கீழே இறக்கி, மரங்களைச் சுருக்காமல் அடிவாரத்தை மறைக்கவிட்டு, கரும்பில் மேல் விளிம்பு மட்டும் தெரியும்படி பதினைந்து வரிசை வைத்தால் சரியாக அமையும். இடக்கீழ் மூலையை உங்கள் முகப்புப் படம் மறைக்கும், கோபுரத்தை அங்கே வைக்காதீர்கள். உச்சியை நடுவிலிருந்து வலப்பக்கமாகத் தள்ளுங்கள். கருவிக்குக் கருவி மேல்கீழ் ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்படும், எனவே பாறைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு பிக்சல் வானம் இருக்கட்டும்.

பெருக்கும்போது Scale Image, இந்த முறை Interpolation பெட்டியில் None. கட்டளை வரியிலேயே பெருக்க விரும்புபவர்கள் இமேஜ்மேஜிக் வைத்திருந்தால் ஒரு வரி போதும்:

```
magick banner.png -filter point -resize 500% banner-1500.png
```

சரியாக 1500×500 அளவிலேயே ஏற்றுங்கள். 300×100 கோப்பை அப்படியே ஏற்றினால் தளம் தன் விருப்பப்படி பெருக்கி மங்கலாக்கிவிடும். ஏற்றிய பிறகு பேனரைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். கட்டங்கள் எல்லாம் ஒரே அளவாக இருந்தும் கோபுரத்தின் சிவப்பு மட்டும் பக்கத்துப் பச்சைக்குள் கசிந்திருந்தால் அது ஜேபெக் சுருக்கத்தின் வேலை, நிற விவரத்தை அது குறைத்துத்தான் சேமிக்கும். கோபுரத்தைச் சுற்றி 264A3E நிறத்தில் ஒரு பிக்சல் விளிம்பு கட்டி மறுபடி ஏற்றினால் கசிவு அந்த இருட்டுக்குள் அடங்கிவிடும்.